அம்மாவுக்கு முன்னால் அத்தைக்குத் தெரியக்கூடாது: புதுக் காதலை ஆன்லைனில் எவ்வளவு காட்டுவது?

பெங்களூருக்கு வேலைக்கு வந்தாயிற்று. இங்கே ஒருவரைப் பிடித்துப்போய் மூன்று நான்கு மாதம் ஆகிறது. பி.ஜி. தோழிகளுக்குத் தெரியும், ஆபீஸில் பாதிப் பேருக்குச் சந்தேகம், ஊரில் யாருக்கும் தெரியாது. லால்பாக் மலர்க் கண்காட்சியில் எடுத்த போட்டோ ஒன்று ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. ஸ்டேட்டஸில் போடலாமா என்று கை துறுதுறுக்கிறது. அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு வீட்டுக்கும் தெரிந்து பூ வைத்தாயிற்று என்றால் உங்களுக்கு இது தேவையில்லை, தாராளமாகப் போடுங்கள்.

முதலில் ஒரு பட்டியல்

போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு காகிதம் எடுங்கள். இந்த விஷயத்தை உங்கள் வாயால் கேட்டே ஆக வேண்டியவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். பெரும்பாலும் நாலைந்து பேருக்கு மேல் போகாது: அம்மா, அப்பா, அக்கா அல்லது அண்ணன், சில வீடுகளில் பாட்டி. உங்கள் ஆளும் தன் பக்கத்துக்கு இதே மாதிரி ஒன்று எழுதட்டும்.

இனி எல்லா முடிவுக்கும் இந்த இரண்டு பட்டியலே அளவுகோல். அதில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லி முடிக்கும்வரை, அவர்கள் கண்ணிலோ அவர்களிடம் போய்ச் சொல்லக்கூடியவர்கள் கண்ணிலோ படும் இடத்தில் எதுவும் போகக்கூடாது. சொல்லி முடித்த பிறகு எவ்வளவு போடுவது என்பது உங்கள் ரசனை. நம் வீடுகளில் காதலை ஏற்றுக்கொள்ளாததால் வரும் சண்டை ஒன்று, "ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியுமா" என்று வரும் சண்டை இன்னொன்று. முதலாவது உங்கள் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். திருமணத் தளத்தில் உங்கள் பெயரில் ஒரு பதிவு இருந்தால், ஜாதகம் வாங்கிய வீட்டார் உங்கள் பெயரை இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் தேடிப் பார்ப்பார்கள். முகம் தெரியாத ஒரு மாப்பிள்ளை வீட்டார் தரகர் வழியாக உங்கள் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்வதைவிட மோசமான வழி வேறு இல்லை.

இரண்டு பேரும் பேசிக்கொள்வது

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒருவர் வீட்டில் இது சாதாரண விஷயமாக இருக்கும், இன்னொருவர் வீட்டில் பூகம்பமாக இருக்கும். சாதாரண வீட்டுக்காரர், "என்னை ஏன் மறைக்கிறே?" என்று ஒரு நாள் கேட்பார். அது வரும்வரை காத்திருக்காமல், ஓர் ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்கில் உட்கார்ந்து இதை மட்டும் பேசுங்கள்.

மூன்று விஷயம் முடிவானால் போதும். யார் வீட்டுக்கு எப்போது சொல்லப்போகிறோம். அதுவரை எந்தெந்த நண்பர்களுக்குத் தெரியலாம். ஒருவர் போட்டோவை இன்னொருவர் போடுவதற்கு முன் கேட்க வேண்டுமா. முதல் கேள்விக்கு, "நேரம் வரும்போது" என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அக்காவிடம், தமிழ்ப் புத்தாண்டுக்குள் அம்மாவிடம் என்று நாள் குறித்துவிட்டால், காத்திருப்பவருக்கும் அது மறைப்பதாகத் தெரியாது. இரண்டு பேரில் யாருக்கு அதிக ரகசியம் தேவையோ அவர் அளவுதான் இருவருக்கும் அளவு. இதில் பாதிப் பாதி விட்டுக்கொடுப்பது என்று எதுவும் கிடையாது, ஏனென்றால் ஒரே போட்டோ இரண்டு பக்கமும் போகும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று சொல்பவர், நெருங்கிய நண்பர் ஒருவருக்குக்கூட உங்களை அறிமுகப்படுத்தாமல், உங்களோடு குரூப் போட்டோவில்கூட நிற்காமல் மாதக்கணக்கில் நழுவினால், அது வீட்டுக்குப் பயப்படுவது இல்லை. நேராகக் கேட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்: இங்கேதான் கசியும்

இன்ஸ்டாகிராமுக்குப் பயப்படுகிற அளவு யாரும் வாட்ஸ்அப்புக்குப் பயப்படுவதில்லை. ஆனால் ஊரில் அத்தையும் பெரியப்பாவும் இருப்பது வாட்ஸ்அப்பில்தான். காலையில் காபியோடு எல்லோர் ஸ்டேட்டஸையும் ஒரு சுற்று பார்த்து முடிக்கும் சித்திகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

உங்கள் ஸ்டேட்டஸ் யாருக்குப் போகும்? நீங்கள் அவர் நம்பரைச் சேமித்திருக்க வேண்டும், அவரும் உங்கள் நம்பரைச் சேமித்திருக்க வேண்டும். இருபக்கமும் இருந்தால்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பாருங்கள். சொந்தக்காரர்களை விடுங்கள், ஹவுஸ் ஓனர், பி.ஜி. வார்டன், பழைய டியூஷன் சார், டீம் மேனேஜர், மடிவாளாவில் பஸ் ஏற்றிவிடும் டிராவல்ஸ்காரர் என்று எத்தனை பேர்! வாடகை ஒப்பந்தம் போடும்போது, "தனியாத்தானே இருப்பீங்க" என்று இரண்டு முறை கேட்ட ஹவுஸ் ஓனரும் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர்தான்.

`Settings`, அதில் `Privacy`, அதில் `Status` என்று போனால் மூன்று வழி இருக்கும். `My contacts` என்றால் எல்லோருக்கும். `My contacts except...` என்றால் நீங்கள் குறிப்பிட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு. `Only share with...` என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். பலரும் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள்: அம்மா, அப்பா, சித்தி, மாமா என்று டிக் அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அதில் ஓட்டை இருக்கிறது. அடுத்த மாதம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு சொந்தக்காரர் நம்பரைப் புதிதாகச் சேமித்தால், அவர்கள் விலக்கப்பட்டவர் பட்டியலில் இருக்க மாட்டார்கள். தானாகவே பார்ப்பவர் பட்டியலுக்கு வந்துவிடுவார்கள். மூன்றாவது வழியில் அந்த ஆபத்து கிடையாது. நீங்களாகச் சேர்த்தால்தான் ஒருவர் உள்ளே வருவார்.

மூன்றாவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடைசியாக எந்த வழியைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதுவே அடுத்த ஸ்டேட்டஸுக்கும் நிற்கும். அதனால் தீபாவளி வாழ்த்தும் நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒன்பது பேருக்கு மட்டும்தான் போகும். "என்ன, ஒரு ஸ்டேட்டஸும் காணோம்?" என்று சித்தி கேட்டதும், எல்லோருக்கும் என்று மாற்றி வாழ்த்தைப் போடுவீர்கள். அடுத்த வாரம் அதை மறந்துவிட்டு ஜோடி போட்டோவை ஏற்றுவீர்கள். இப்படி மாட்டியவர்கள் நிறைய. மாற்றும் அமைப்பு இனிமேல் போடுவதற்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே போட்ட ஸ்டேட்டஸுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அதோடு, நீங்கள் தேர்ந்தெடுப்பது ஆளை இல்லை, போனை. தங்கச்சிக்கு மட்டும் என்று போடுவீர்கள். தங்கச்சி போனை அம்மா ரெசிபி பார்க்க வாங்குவார். அப்பாவின் போனை உண்மையில் இயக்குவது சித்தப்பா பையனாக இருப்பான்.

ஆகவே என் தீர்ப்பு இது: வீட்டுக்குச் சொல்லும்வரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் காதல் சம்பந்தமான எதுவும் வேண்டாம். எந்த அமைப்பையும் நம்ப வேண்டாம். அங்கே கோவில், சாப்பாடு, மழையில் சில்க் போர்டு சிக்னல், இவை வழக்கம்போல் எல்லோருக்கும் போகட்டும். திடீரென்று ஸ்டேட்டஸ் நின்றுபோனால் அதுவே சந்தேகம் தரும்.

டிபிக்கும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் மோசம். டிபியை `Everyone` என்று விட்டிருந்தால் உங்கள் நம்பர் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம். நீங்கள் அவர்களைச் சேமித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குடும்ப குரூப்பில் நீங்கள் சேமிக்காத தூரத்துச் சொந்தங்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். டிபி 24 மணி நேரத்தில் மறைவதும் இல்லை. அதில் தனியாகவே இருங்கள்.

இன்ஸ்டாகிராம்: காட்ட வேண்டும் என்றால் இங்கே

யாருக்குமே காட்டாமல் இருப்பதும் கஷ்டம்தான். சந்தோஷத்தை நாலு பேரிடம் சொல்லத் தோன்றும். அதற்கு இன்ஸ்டாகிராமின் `Close Friends` பட்டியல் ஓரளவு நல்ல இடம். பட்டியலில் சேர்த்தாலும் நீக்கினாலும் யாருக்கும் அறிவிப்பு போகாது. ஸ்டோரி போடும்போது ஒவ்வொரு முறையும் எல்லோருக்குமா, இந்தப் பட்டியலுக்கு மட்டுமா என்று கீழேயே தனித்தனி பொத்தான் இருக்கும். பட்டியலில் இருப்பவர்களுக்கு அந்த ஸ்டோரி பச்சை வட்டத்தோடு தெரியும். "இது எல்லோருக்கும் போனதில்லை" என்று அவர்களுக்கே புரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் இந்தக் குறிப்பு கிடைக்காது.

பட்டியலைப் பத்துப் பேருக்குள் வையுங்கள். யாரைச் சேர்க்கலாம் என்பதற்கு ஒரு சோதனை: இவருக்கு ஏற்கெனவே நேரில் சொல்லியிருக்கிறேனா? இல்லையென்றால் சேர்க்காதீர்கள். ஒரே ஊர்க்காரர்கள், வயது ஒத்த மாமா பையன்கள், பள்ளித் தோழிகள் எல்லாம் இரண்டாம் யோசனைக்குரியவர்கள். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் அம்மாவும் உங்கள் அம்மாவும் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

அப்புறம், கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு மூலை. `Accounts Center` என்பதில் உங்கள் இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் இணைந்திருக்கலாம். `Sharing across profiles` என்ற இடத்தில் ஸ்டோரியும் போஸ்ட்டும் தானாக ஃபேஸ்புக்குக்குப் போகும்படி எப்போதோ ஒரு நாள் ஓகே கொடுத்திருப்பீர்கள், ஞாபகமே இருக்காது. ஃபேஸ்புக்கை நீங்கள் ஒரு வருடமாகத் திறக்காமல் இருக்கலாம். பெரியப்பா தினமும் திறக்கிறார். அதை அணைத்துவிடுங்கள்.

முகம் காட்டாமல் பாதி காட்டும் போட்டோக்கள் பற்றியும் சொல்ல வேண்டும். மேஜையில் இரண்டு ஃபில்டர் காபி, எதிரே ஒரு ஆண் கை, கையில் ஒரு வாட்ச். இதனால் யாரும் ஏமாறுவதில்லை, குறிப்பாக நம் அத்தைகள். கண்ணாடியில் விழும் நிழல், கேஏ என்று தொடங்கும் பைக் நம்பர், அதே வாட்ச் ஆபீஸ் குரூப் போட்டோவில் இன்னொருவர் கையில், எல்லாவற்றையும் கோர்த்துவிடுவார்கள். வீட்டுக்குத் தெரியக்கூடாத கட்டத்தில் இந்த விளையாட்டு எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வேண்டாம்.

ஃபேஸ்புக்கின் உறவு நிலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துணையின் பெயரைச் சேர்த்தால் அவர் ஒப்புதல் தந்த பிறகே அது பதிவாகும். வீட்டுக்குத் தெரியும்வரை அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். ஏற்கெனவே `Single` என்று இருந்தாலும் மாற்ற வேண்டாம், யார் பார்க்கலாம் என்பதை மட்டும் `Only me` என்று வையுங்கள்.

மற்றவர் போனில் இருக்கும் உங்கள் போட்டோ

மேலே சொன்ன எல்லாம் நீங்கள் போடுவதைப் பற்றி. ஆனால் விஷயம் வெளியே போவது பெரும்பாலும் நண்பர்கள் போடுவதால்தான். ஓர் உதாரணத்தைக் கடைசிவரை தொடர்ந்து பார்ப்போம்.

ஒரு மதுரைக்காரப் பெண். வேலை ஒயிட்ஃபீல்டில், பி.ஜி. மாரத்தஹள்ளியில். அவன் ஹுப்ளிக்காரன். ஞாயிறு விடியற்காலை ஆறு பேராக நந்தி மலைக்குப் போகிறார்கள். அவள் கவனமானவள், எதுவும் போடவில்லை. ஆனால் கூட வந்த கல்லூரித் தோழி பத்து போட்டோ கொண்ட போஸ்ட் ஒன்றைப் போட்டு எல்லோரையும் டேக் செய்கிறாள். முதல் ஆறு போட்டோவும் மேகம், சூரியன், கும்பல். ஏழாவதில் இவர்கள் இருவர் மட்டும் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். குளிருக்கு அவன் ஜாக்கெட் அவள் தோளில். தோழியின் இன்ஸ்டாகிராம் ஃபேஸ்புக்கோடு இணைந்திருக்கிறது. போஸ்ட் அங்கேயும் போகிறது. தோழியும் மதுரை என்பதால் அவள் ஃபேஸ்புக்கில் இந்தப் பெண்ணின் மாமா மகள் இருக்கிறாள். அவள் பார்க்கிறாள், தன் அம்மாவிடம் காட்டுகிறாள். திங்கள் சாயங்காலம் அத்தை அம்மாவுக்குப் போன் போடுகிறார்: "உன் பொண்ணு யாரோ பையனோட மலையெல்லாம் சுத்துறா போல, சொல்லவே இல்லையே?"

இதில் எந்தக் கண்ணியை அவளால் அறுத்திருக்க முடியும்? இன்ஸ்டாகிராமில் `Tags and mentions` என்ற இடத்தில் `Manually approve tags` என்பதைப் போட்டு வைத்திருந்தால், அந்தப் போஸ்ட் அவள் சம்மதம் இல்லாமல் அவள் பக்கத்தில் வந்திருக்காது. போட்டு வைப்பது நல்லதுதான். ஆனால் இங்கே அது உதவியிருக்காது. மாமா மகள் பார்த்தது தோழியின் பக்கத்தில். ஃபேஸ்புக்கிலும் இப்படித்தான்: டேக் ஆன பதிவுகளை முதலில் பார்வையிடும் அமைப்பு உங்கள் பக்கத்தைத்தான் காக்கும், போட்டவர் பக்கத்தில் அந்தப் படம் இருந்துகொண்டேதான் இருக்கும். அங்கே உங்களை டேக் செய்தால், போட்டவரின் நண்பர்களோடு உங்கள் நண்பர்களும் பார்க்கும்படி வட்டம் விரிவதும் உண்டு. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒன்றே ஒன்று, சனிக்கிழமை இரவு அனுப்பும் ஒரு மெசேஜ்:

"நாளைக்கு போட்டோ போடும்போது நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கறதை விட்டுடு டீ. எல்லாரும் இருக்கறது ஓகே. டேக் வேணாம். வீட்ல இன்னும் சொல்லல."

அவ்வளவுதான். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காரணம் சொல்லாமல், "டேக் வேண்டாம்" என்றால் தோழி மறந்துவிடுவாள். வீட்டில் சொல்லவில்லை என்றால் நம் ஊர்த் தோழி ஒருத்தியும் மறக்க மாட்டாள். பயணம் முடிந்த பிறகு கெஞ்சுவதைவிட முன்னாலேயே சொல்வது எளிது.

உயிருக்கே ஆபத்து என்றால்

சாதி, மதம் காரணமாக வீட்டில் அடிதடிவரை போகும் என்று உங்களுக்குத் தெரிந்தால், மேலே சொன்ன அளவு போதாது. யாருடன் என்பதோடு, எங்கே என்பதும் வெளியே போகக்கூடாது. பி.ஜி. பெயர், ஆபீஸ் பஸ் ஏறும் நிறுத்தம், வாரா வாரம் போகும் காபிக் கடை, எதையும் லொகேஷனோடு போடாதீர்கள். குடும்பத்தாரோடு லைவ் லொகேஷன், கூகுள் மேப்ஸ் லொகேஷன் பகிர்வு எதுவும் ஓடுகிறதா என்று பாருங்கள். சாதி மாறிய ஜோடிகளுக்கு மிரட்டல் வந்தால் காவல்துறை பாதுகாப்பு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்ய நினைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் அறிவிப்பைத் திருமண அலுவலர் தன் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார், 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆன்லைனில் எவ்வளவு மூடி வைத்தாலும் அந்தக் காகிதம் சுவரில் இருக்கும். அதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

தவறிப் போய்விட்டால்

வாட்ஸ்அப்பில் தெரியாமல் எல்லோருக்கும் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். அழிப்பதற்கு முன் யார் யார் பார்த்தார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் அந்தப் பட்டியலும் போய்விடும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் பார்த்திருந்தாலும் அதில் வர மாட்டார்கள். நீங்களே நீல டிக்கை அணைத்திருந்தால் யார் பெயரும் வராது. பிறகு உடனே அழியுங்கள்.

பட்டியலில் ஊர்க்காரர் ஒருவர் இருந்தாலும், அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பார்த்தவரிடம் போய், "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டால் விஷயத்துக்கு இன்னும் கனம் கூடும், அவருக்கு உங்கள் மேல் ஒரு பிடியும் கிடைக்கும். அம்மாவிடம் முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "ஒருத்தரைப் பிடிச்சிருக்கு, அடுத்த தடவை வரும்போது நேர்ல சொல்லணும்னு இருந்தேன். வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்றேன்" என்றால் போதும். அத்தை போன் வரும்போது, "எனக்குத் தெரியும்" என்று அம்மா சொல்லிவிட்டால் அந்தப் போன் அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டுக்குத் தெரிந்த பிறகு

பட்டியலில் உள்ள எல்லோரும் உங்கள் வாயால் கேட்டாயிற்று. அவர்கள் சம்மதித்தார்களா என்பது வேறு; தெரிந்துவிட்டது. இப்போதும் உடனே போட வேண்டாம். அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சித்திகிட்ட, மாமாகிட்ட நீ சொல்லிட்டியாம்மா?" அம்மாவின் பட்டியலில் அவர்கள் இருப்பார்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். உங்கள் ஆள் பக்கமும் அதே மாதிரி முடியட்டும். ஆபீஸில் ஒருவருக்கு ஒருவர் கீழே வேலை செய்தால், நிறுவன விதியில் இதை எச்.ஆரிடம் தெரிவிக்க வேண்டுமா என்று படித்துவிட்டு, தேவையென்றால் போட்டோவுக்கு முன் அதையும் முடியுங்கள்.

முதல் போட்டோ எளிமையாக இருக்கட்டும். முகம் தெரிகிற, சாதாரணமாக நிற்கிற ஒன்று, ஒரு வரி. ஆறு மாதக் கதையை இருபது படத்தில் சொன்னால், "இவ்வளவு நாளா ஏமாத்திட்டிருந்தியா" என்று தேதிகளைக் கணக்குப் போடுவார்கள். பழையதையெல்லாம் தோண்டி எடுத்துப் போட வேண்டாம். அவை நெருங்கிய நண்பர்கள் பார்த்ததோடு இருக்கட்டும்.

கமெண்டில் யாராவது ஒருவர், "பையன் எந்த ஊர், என்ன ஆளுங்க?" என்று கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார். அங்கே பதில் எழுதினால் கீழே இன்னும் நாலு பேர் சேர்வார்கள், அதைத் துணையின் வீட்டாரும் மொழிபெயர்த்துப் படிப்பார்கள். அந்தக் கமெண்டை அழித்துவிட்டு, கேட்டவர் நெருங்கியவர் என்றால் போன் செய்து பேசுங்கள். நெருங்கியவர் இல்லையென்றால் அழித்ததே போதும்.